குரல் ஓயட்டும்; தேக்சா பேசட்டும்!

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருவழியில் ஆம்பூரை நெருங்குகிறவர்களுக்குப் பிரியாணிக் கடையின் விலாசத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே வழிகாட்டிவிடும். ஆனால் அந்தப் பிரியாணிக்கு எடுக்கும் விளம்பரப் படங்கள் இருக்கின்றனவே, அவற்றில் பெரும்பாலானவை 30 விநாடியில் 30 அடைமொழிகளைக் கொட்டுகின்றன. பாரம்பரியச் சுவையாம், நவாப் காலத்துப் பக்குவமாம், நாவூறும் மணமாம்! பின்னால் மேளச் சத்தம். அதற்கும் மேலே ஒருவர் மூச்சு விடாமல் முழங்குகிறார். படத்தில் ஆவி பறக்கிறது. அதை நின்று பார்க்க யாருக்கு அவகாசம்?

இந்தக் குரலை அடியோடு எடுத்துவிட்டால் என்ன?

கேட்டவுடன் கடைக்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். காசு கொடுத்து எடுக்கும் படத்தில் ஒருவரும் பேசாவிட்டால் வியாபாரம் எப்படி நடக்கும் என்பார்கள். ஆனால் கண்ணால் பார்த்ததும் ஆசை பிறக்கிற சரக்குகள் சில உண்டு. சாப்பாடு, துணிமணி, தோல் ஆகிய மூன்றும் அந்த ஜாதி. இவற்றுக்கு "சுவையானது", "மிருதுவானது" என்று பிறர் சொல்லும் சாட்சியம் பலவீனமானது. எண்ணெயில் வெங்காயம் விழும் ஓசைதான் நேரடிச் சாட்சி.

பேசாமலே இரண்டு மணி நேரம் தமிழ் ரசிகர்களை உட்கார வைக்க முடியும் என்பதை 1987ல் வந்த "பேசும் படம்" காட்டிவிட்டது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசன் நடித்த அந்தப் படத்தில் வசனமே கிடையாது; ஆனால் ஓசை உண்டு. அதற்கும் முன்னால், தென்னாட்டின் முதல் மௌனப் படமான "கீசக வதம்" எடுத்த நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர்தான். இரண்டு மணி நேரம் பேசாமல் இருக்க முடிந்த இடத்தில் அரை நிமிஷம் பேசாமல் இருக்கக் கூடாதா?

மௌனம் என்றால் வெறுமை அல்ல

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பின்னணிக் குரலை நீக்கிவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டு விடுகிறார்கள். சினிமாக் கொட்டகையில் ஒலி சுத்தமாக நின்றுவிட்டால் ஜனங்கள் மௌனத்தை ரசிக்க மாட்டார்கள்; மெஷின் ரிப்பேர் என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே அமைதியையும் பதிவு செய்தாக வேண்டும். படம் பிடித்த இடத்திலேயே, எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிஷம் மைக்கை ஓட விட்டு அந்த இடத்தின் சாதாரண சலனத்தை எடுத்துக்கொள்வது ஒலிப்பதிவாளர்களின் வழக்கம். அடுப்பின் மெல்லிய மூச்சு, தொலைவில் போகும் லாரி, கூரையில் காக்கை. இந்தத் தடத்தை அடியில் விரித்து, அதன்மேல்தான் மற்ற ஓசைகளை வைக்க வேண்டும்.

ஆம்பூரில் ஒரு கடைக்காரர் 30 விநாடிப் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். விறகடுப்பு, பெரிய தேக்சா, சீரக சம்பா அரிசி, ஊற வைத்து அரைத்த மிளகாய் விழுது எல்லாம் தயார். எதை எதைக் கேட்க வைப்பது?

முதலில் வெங்காயம். நல்ல பிரியாணி மாஸ்டர் வெங்காயத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, காதாலும் பார்க்கிறார். போட்டவுடன் எழும் பெரும் இரைச்சல் வெங்காயத்தின் தண்ணீர் ஆவியாகும் இரைச்சல். தண்ணீர் வற்ற வற்ற அது தணிந்து, சன்னமான பொரிச்சலாகிறது. அந்த மாற்றத்தை மூன்று நான்கு விநாடி கேட்க விட்டால் போதும். நிறம் மாறுவது தானே விளங்கும். அடுத்தது மிளகாய் விழுது விழும்போது திடீரென்று மறுபடி எழும் சீற்றம். பிறகு, பாதி வெந்த அரிசியை வடிக்கும்போது கொட்டும் கஞ்சியின் ஓசை.

அதன் பிறகு மூடி. அரிசியும் கறியும் சேர்ந்த தேக்சாவை மூடி, மேலே நெருப்புக் கங்குகளைப் பரப்புகிறார்கள். கங்கு இரும்பில் விழும் "கிணுக்" என்ற சத்தம். அதற்குப் பிறகு ஐந்து விநாடி ஒன்றுமில்லை! அடியில் விரித்த அமைதித் தடம் மட்டும்.

"என்ன தம்பி, அஞ்சு செகண்டுக்கு ஒண்ணுமே கேக்கல? அதுக்கும் சேத்துத்தானே காசு கொடுக்கறேன்?" என்று கடைக்காரர் கேட்பார்.

"தம் போட்டா நீங்க என்ன பாய் பண்ணுவீங்க?"

"காத்துக்கிட்டு இருப்போம்."

"பாக்கறவங்களும் காத்துக்கிட்டு இருக்கட்டுமே!"

அந்த ஐந்து விநாடிதான் படத்தின் உயிர். அது இல்லாவிட்டால் அடுத்து மூடி திறக்கும் ஓசைக்கு மதிப்பே இல்லை. மூடி நகரும் ஓசையைப் படத்துக்கு அரை விநாடி முன்னதாகவே விட வேண்டும். காது முதலில் திறந்தால் கண் தேடிக்கொண்டு வரும். கடைசியாகக் கரண்டி அடிவரை இறங்கி, சோற்றைப் புரட்டும் மெத்தென்ற ஓசை. கடையின் பெயரும் ஊரும் எழுத்தில். முடிந்தது படம்.

குக்கர் விசில் எதற்கு?

சொல்வது சுலபம், கெடுவது அதைவிடச் சுலபம். கடையிலே ஐஸ் பெட்டியும் புகைபோக்கி விசிறியும் ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கும். பகலில் பெருவழியின் ஹாரன்கள் வேறு. பதிவை விடியற்காலை நான்கு மணிக்கு வைத்துக்கொண்டு, அந்த யந்திரங்களைச் சற்று நேரம் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. மைக்கை ஆவிக்கு நேர் மேலே பிடிக்கக் கூடாது. ஈரம் பட்டால் அதுவே பொரிய ஆரம்பிக்கும். பக்கவாட்டில், கை நீள தூரத்தில் பிடிப்பது நல்லது.

இந்தச் சிரமம் வேண்டாமென்று சிலர் ஆயத்த ஓசைக் களஞ்சியத்திலிருந்து ஒரு "பொரியும் சத்தம்" வாங்கி ஒட்டி விடுகிறார்கள். தம் மூடி திறக்கும்போது குக்கர் போல "புஸ்" என்று சீறும் படங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. தம் பாத்திரத்தில் அப்படி அழுத்தம் கிடையாது, அது சீறாது. வெளியூர்க்காரர் இதைக் கவனிக்காமல் போகலாம். ஆம்பூர்க்காரர் ஒரு விநாடியில் பிடித்து விடுவார். பேச்சு இருக்கும் படத்தில் இந்தப் புரட்டு அமுங்கிப் போகும். பேச்சில்லாத படத்திலோ வேறு கேட்க எதுவும் இல்லாததால் அம்மணமாகத் தெரியும்.

தோலுக்கு வேறு கணக்கு

பிரியாணிக்குப் பொருந்துவது தோலுக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் செருப்பு, ஷூ, பை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1998ல் பின்லாந்தைச் சேர்ந்த யூஸ்மாக்கி, ஹாரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கையான பரிசோதனையை வெளியிட்டார்கள். சிலரை உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்க்கச் சொல்லி, அந்த ஓசையையே காதுக் கருவி வழியாக அவர்களுக்குக் கேட்க வைத்தார்கள். ஓசையின் கீச்சென்ற மேல் பகுதியை மட்டும் கூட்டியபோது, கை உலர்ந்து காகிதம் போலிருப்பதாக அவர்கள் உணர்ந்தார்கள். கை மாறவில்லை, காதில் விழுந்ததுதான் மாறியது. பதப்படுத்திய பழைய எழுது தோலின் பெயரையே இந்த மயக்கத்துக்கு வைத்தார்கள் என்பது தோல் வியாபாரிகளுக்கு ருசிகரமான செய்தி. 2004ல் ஆக்ஸ்போர்டில் உருளைக் கிழங்கு வறுவலை வைத்து இதே மாதிரி செய்தபோது, கடிக்கும் ஓசையைக் கூட்டிக் கொடுத்ததும் வறுவல் அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் தோன்றியது.

ஆகவே, வறுவலுக்கு உதவும் அதே கீச்சொலி மிருதுவான தோலுக்குப் பகையாகலாம். மேல் தோலை விரலால் வருடும் காட்சிக்குச் "சரக் சரக்" என்று தூக்கலாக ஓசை வைத்தால், பார்ப்பவர் மனத்தில் அது காய்ந்த தோலாகி விடும். அங்கே மேல் பகுதியைத் தணித்து, விரல் நகரும் தாழ்ந்த ஓசையை மட்டும் விட வேண்டும். பட்டையால் பதனிட்ட கெட்டித் தோலைக் கத்தி வெட்டும்போதோ கதை வேறு. அதன் பெருமையே அந்த "நறுக்"கில் இருக்கிறது.

பட்டுக்கும் ஓர் எச்சரிக்கை. காஞ்சிபுரத்துச் சேலை விளம்பரங்களில் வரும் சரசரப்பை அசல் பட்டின் அடையாளம் என்று பலரும் எண்ணுகிறார்கள். பசை நீக்கிய பட்டை லேசான அமிலத்தில் நனைத்து எடுப்பதால் வருவதுதான் அந்தச் சரசரப்பு. அந்தப் பக்குவம் செய்யாத அசல் பட்டு சத்தமில்லாமலே இருக்கும். ஓசையைக் கேட்டுப் பட்டு வாங்கக் கூடாது. அப்படி வாங்கலாம் என்ற எண்ணத்தை விளம்பரம் வளர்க்கவும் கூடாது.

யார் காதில் விழப் போகிறது?

இனி, இந்த யோசனைக்கே ஆகாத இடத்துக்கு வரலாம். கொட்டகையில் நிம்மதியாகக் கேட்கும் ஓசை கைபேசியில் அப்படியே கேட்காது. அதன் சின்ன ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஓசைகள் மறைந்து விடும். தேக்சா கொதிக்கும் கனத்த ஓசை போய்விடும். வெங்காயப் பொரிச்சல் தப்பிக்கும். ஆகையால் கைபேசிக்கென்று தனியாக ஓர் ஒலித்தடம் கலப்பது அவசியம். அதைவிடப் பெரிய தொல்லை, பலர் ஓசையையே நிறுத்தி வைத்துப் பார்ப்பது. 2016ல் சில பத்திரிகை நிறுவனங்கள், பேஸ்புக்கில் தங்கள் படங்கள் 100க்கு சுமார் 85 தடவை ஓசையின்றியே பார்க்கப்படுவதாகச் சொல்லின. அப்படிப்பட்டவரிடம் அந்த ஐந்து விநாடி மௌனம் செல்லாது. அவருக்குப் படத்தில் ஒன்றும் நிகழாத ஐந்து விநாடிதான் அது. அங்கே மூடியின் விளிம்பில் கசியும் ஆவியையாவது காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கண் தெரியாதவர்களையும் மறக்கக் கூடாது. கடைசியில் எழுத்தாக வரும் கடைப் பெயர் அவர்களுக்கு எட்டாது. 2003ல் பிரிட்டனில் ஹோண்டா கார் கம்பெனி இரண்டு நிமிஷ விளம்பரம் ஒன்று எடுத்தது. காரின் உதிரிப் பாகங்கள் ஒன்றையொன்று தட்டிவிட்டுக்கொண்டு போகும் சத்தம்தான் அதில் பெரும்பாலும் கேட்கும். முடிவில் மட்டும் ஒரே ஒரு வாக்கியத்தை ஒருவர் பேசினார். ஆம்பூர்க் கடைக்காரருக்கும் அந்த அளவு அனுமதி கொடுக்கலாம். கரண்டி அடங்கிய பிறகு, கடையின் பெயரையும் ஊரையும் மட்டும் அவரே தம் சொந்தக் குரலில் நிதானமாகச் சொல்லட்டும். "நவாப் காலத்து" என்று ஆரம்பித்தால் மட்டும் மைக்கை நிறுத்தி விடலாம்.