பாதியில் போனவர்களின் கணக்கு

இரவு பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தியின் திரையில் விளம்பரம் ஒன்று வந்து நிற்கிறது. ‘மனச்சோர்வுக்குச் செயலி. ஆய்வில் நிரூபிக்கப்பட்டது!’ இலவசம்தானே என்று இறக்கிவிடுகிறாள்.

இத்தகைய செயலிகளில் பல, ‘சி.பி.டி.’ எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பின்பற்றுகின்றன. ‘தோழி போனை எடுக்கவில்லை, என்னை வெறுத்துவிட்டாள்’ என்று மனம் சொன்னால், அதை எழுதி, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று பார்க்கப் பழக்கும் முறை இது. சிகிச்சையாளர் நேரில் நடத்தும்போது இது பலன் தருவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்தப் பெயரைச் செயலியும் வாங்கிக்கொள்கிறது. ஆனால், போனுக்குள் வந்த பிறகும் அது வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி.

முதல் சிக்கல், ஆட்கள் நிற்பதில்லை. பிரபலமான 93 மனநலச் செயலிகளின் உண்மையான பயன்பாட்டை 2019இல் ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. பொதுவாக ஒரு செயலியை இறக்கியவர்களில் 15ஆம் நாளில் அதைத் திறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 30ஆம் நாளில் மூன்று பேர் சொச்சம். அளவாகக் கொடுத்தால்தானே மருந்து? முதல் வாரத்தோடு நின்றுபோன சிகிச்சையை என்னவென்று சொல்வது!

ஆய்வுகளில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே நினைவூட்ட ஆள் இருப்பார்கள், சில இடங்களில் சன்மானமும் உண்டு. அப்படியும், மனச்சோர்வுச் செயலிகள் பற்றிய 18 ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக நான்கில் ஒருவர் பாதியில் விலகியிருந்தார். சாதகமான முடிவுகளே அதிகம் அச்சாகும் என்பதைக் கணக்கில் சேர்த்தால், விலகியவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர் என்று மதிப்பிட்டார்கள்.

இது எப்படி முடிவைப் புரட்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ‘பி.எச்.க்யூ-9’ படிவம் பரவலாகப் பயன்படுகிறது. மதிப்பெண் 0 முதல் 27 வரை, கூடினால் சோர்வு அதிகம். செயலி கொடுக்கப்பட்ட 100 பேரின் சராசரி 15 என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரம் கழித்து 50 பேர்தான் படிவத்தை நிரப்புகிறார்கள். அவர்கள் சராசரி 10. ‘ஐந்து மதிப்பெண் குறைந்தது’ என்று விளம்பரம் எழுதலாம். காணாமல் போன 50 பேர் அப்படியே 15இல் இருந்தால்? மொத்தச் சராசரி 12.5. செயலி கொடுக்காமல் காத்திருக்க வைத்த இன்னொரு குழு, நாள் போக்கில் தானாகவே 13க்கு இறங்கியிருந்தால், செயலியின் பங்கு அரை மதிப்பெண்தான். விலகியவர்களில் சிலர் குணமானதாலும் போயிருக்கலாம் என்பது நியாயமான வாதம். அதனால்தான் நேர்மையான ஆய்வு, தொடக்கத்தில் சேர்ந்த அத்தனை பேரையும் கணக்கில் வைத்து, மோசமான ஊகத்திலும் முடிவு நிற்கிறதா என்று சோதித்துச் சொல்லும்.

அடுத்தது இன்னும் பிடிவாதமான சிக்கல். மாத்திரை ஆய்வில் நிஜ மாத்திரை எது, வெறும் மாவு மாத்திரை எது என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது. செயலியில் இந்த மறைப்பு எப்படி நடக்கும்? கையில் செயலி இருப்பவருக்கு அது தெரியும். ‘உங்கள் முறை பிறகு’ என்று காத்திருப்பவருக்கும் தெரியும். படிவத்தை நிரப்புவதும் இதே இருவர்தான். ஒருவருக்கு எதிர்பார்ப்பு, மற்றவருக்கு ஏமாற்றம். இரண்டும் மதிப்பெண்ணில் ஏறிவிடும்.

2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இது பளிச்சென்று தெரிந்தது. சி.பி.டி. மட்டுமல்லாமல் பல வகைச் செயலிகளைச் சோதித்த 18 ஆய்வுகள் அதில் இருந்தன. எதுவும் பெறாத குழுவோடு ஒப்பிட்டபோது செயலிகளின் விளைவு 0.56, புள்ளியியல் வழக்கில் இது நடுத்தரம். வேறு ஏதோ ஒரு வேலை கொடுக்கப்பட்ட குழுவோடு ஒப்பிட்டதும் 0.22ஆகச் சுருங்கியது. அதாவது சிறிய விளைவு. பலன் பூஜ்யம் இல்லை. ஆனால் விளம்பரம் சொன்ன அளவும் இல்லை. எனவே ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எதோடு ஒப்பிட்டார்கள் என்று தேடிப் பார்ப்பது உத்தமம். சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால் அது பந்தயமே இல்லை.

விலகல் பற்றிய அந்த 2020 தொகுப்பில் இன்னொரு தகவலும் உண்டு. மறுபக்கம் ஒரு மனிதர் இருந்து கருத்துச் சொன்ன ஆய்வுகளில் ஆட்கள் அதிகம் நிலைத்தார்கள். வாரம் ஒருமுறை ‘எப்படிப் போகிறது?’ என்று ஆலோசகர் கேட்கும் ஏற்பாட்டோடு வரும் செயலியும், தனியாக வரும் செயலியும் ஒன்றல்ல.

தற்கொலை எண்ணம் உள்ளவர்களைப் பல ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதே இல்லை. ஆகவே அந்த முடிவுகள் அவர்களுக்குப் பொருந்தாது. அந்த நிலையில் இருப்பவர் செயலியைத் திறக்காமல், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண்ணான 14416ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.