நடுவில் நிற்கும் இரண்டு சதவீதம்

தக்கலையில் நகைக்கடன் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. வளையலை அடகு வைக்க ஒருவர் ஏறிப்போகிற அதே படியில், அந்தக் கம்பெனியின் கடன் பத்திரத்தில் பணம் போடச் சொல்லும் நோட்டீசைக் கையில் பிடித்தபடி இன்னொருவர் இறங்கி வருவார். என்.சி.டி. என்று எல்லோரும் சொல்லும் பத்திரம் அது. ஒரு கையால் கடன் கொடுக்கும் கம்பெனி, மறு கையால் நம்மிடமே கடன் கேட்கிறது. பென்ஷன் பணமோ வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணமோ கையில் வைத்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "தபால் ஆபீசைவிட எவ்வளவு கூடக் கிடைக்கும்?"

பெரிய சந்தையில் கோடிகளைப் புரட்டுகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான். தபால் ஆபீசுக்குப் பதிலாக அவர்கள் அரசுக் கடன் பத்திரத்தை அடிக்கோடாக வைக்கிறார்கள். மத்திய அரசு ரூபாயில் வாங்கிய கடனை ரூபாயில் திருப்பித் தராமல் போகாது என்பது சந்தையின் நம்பிக்கை. அதே கால அளவுக்கு ஒரு கம்பெனி கடன் வாங்கும்போது அந்த அடிக்கோட்டுக்கு மேலே கூடுதலாக எவ்வளவு தரவேண்டியிருக்கிறதோ, அதுதான் கிரெடிட் ஸ்ப்ரெட். மூன்று வருட அரசுப் பத்திரம் 7 சதவீதமும் மூன்று வருடக் கம்பெனிப் பத்திரம் 9 சதவீதமும் தந்தால் ஸ்ப்ரெட் 2 சதவீதம். சந்தைக்காரர்கள் இதை 200 பேசிஸ் பாயிண்ட் என்பார்கள். கால அளவு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. பத்து வருட அரசுப் பத்திரத்தையும் ஒரு வருடக் கம்பெனிப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அந்த 2 சதவீதம் எதற்காக? கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரே தரத்தில் உள்ள நூறு கம்பெனிகளுக்குத் தலா 100 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்கு 9 சதவீதத்தில் கொடுக்கிறோம். எல்லோரும் ஒழுங்காகத் தந்தால் 10,900 ரூபாய் திரும்பும். அரசிடம் கொடுத்திருந்தால் 10,700. ஆக, 200 ரூபாய்வரை நஷ்டம் வந்தாலும் நாம் அரசுப் பத்திரக்காரரைவிடத் தாழ்ந்துபோக மாட்டோம். ஒரு கம்பெனி கவிழ்ந்து, வழக்கு முடிந்து, 40 ரூபாய் மட்டும் தேறியது என்று வைத்துக்கொண்டால் அதில் நஷ்டம் 69 ரூபாய். மூன்று கம்பெனிகள் கவிழ்ந்தால் 207 போய்விடும். கூடுதல் வட்டி மொத்தமும் கரைந்துவிடும்.

இனிமேல்தான் விஷயம். நடைமுறையில் அந்தத் தரத்துக் கம்பெனிகளில் வருடத்துக்கு நூற்றில் ஒன்றுதான் கவிழும் என்று பழைய அனுபவம் சொன்னால், 69 ரூபாய்க்குத்தானே கூடுதல் வட்டி கேட்கவேண்டும்? சந்தை 200 கேட்கிறது. மிச்சம் 131 ரூபாய் இரண்டு காரணங்களுக்காக வருகிறது. அவசரத்துக்கு விற்கப் போனால் அரசுப் பத்திரத்தை உடனே வாங்கிக்கொள்வார்கள், கம்பெனிப் பத்திரத்துக்கு ஆள் தேடவேண்டும். அதற்கு ஒரு பங்கு. கவிழ்ந்தால் எல்லாமே ஒரே கெட்ட காலத்தில் சேர்ந்து கவிழும், அப்போது நம் வேலையும் வியாபாரமும்கூட ஆட்டம் காணும் என்ற அச்சத்துக்கு மறு பங்கு. கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறாமலே இந்த 131 ரூபாய் 300 ஆகலாம். ஸ்ப்ரெட் விரியும்போது முதலில் வீங்குவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். அமெரிக்காவில் சைமன் கில்கிறிஸ்ட், எகோன் ஸக்ராய்ஷெக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஸ்ப்ரெட்டிலிருந்து கம்பெனிகளின் சொந்த அபாயத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் தனியாக அளந்து பார்த்தார்கள். வரப்போகும் மந்தத்தை முன்கூட்டிச் சொல்வதில் அந்த மிச்சமே கெட்டிக்காரத்தனமாக இருந்தது என்பது 2012இல் வெளியான அவர்களது ஆய்வின் முடிவு.

(நம் ஊரில் பிளேடு கம்பெனி என்று பெயர் வாங்கியவர்களுக்கும் இதே கணக்கைப் போடலாம். ஒருவர் 24 சதவீதம் தருகிறேன் என்கிறார், ஓடிப்போனால் ஒரு பைசா தேறாது. அப்படிப்பட்ட நூறு பேரில் 14 பேர் ஓடினாலே அரசுப் பத்திரம் தேவலை என்றாகிவிடும். அந்த நூற்றில் 14 பேர்தான் ஓடுவார்களா என்று யோசித்துக்கொள்ளலாம்.)

இந்தியாவில் பயத்தால் ஸ்ப்ரெட் விரிவதைக் கண்முன்னே காட்டிய வருடம் 2018. அப்போது விழுந்தது ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம். எல்.ஐ.சி., ஸ்டேட் வங்கி போன்றவை அதன் பங்குதாரர்கள். தமிழ்நாட்டுக்கு அது அந்நியமும் அல்ல. கடலூர் மாவட்டத்தில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டியது, திருப்பூர்க் குடிநீர்த் திட்டத்தில் கூட்டாளியாக இருந்தது. குழுமத்தின் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். ஆகஸ்ட் 2018 தொடக்கம்வரை தாய் நிறுவனத்தின் ரேட்டிங் மிக உயர்ந்த ஏ.ஏ.ஏ. செப்டம்பர் நடுவில் அது டி ஆனது. அதாவது தவணை தவறியாகிவிட்டது. அக்டோபர் 1 அன்று மத்திய அரசே தலையிட்டு இயக்குநர் குழுவைக் கலைத்து, உதய் கோட்டக் தலைமையில் புதுக் குழுவை உட்கார வைத்தது.

ஒரு குழுமம் விழுந்தது ஒரு செய்தி. அடுத்து நடந்ததுதான் ஸ்ப்ரெட்டின் கதை. செப்டம்பர் 21 அன்று டி.எஸ்.பி. மியூச்சுவல் ஃபண்ட் தன்னிடம் இருந்த டி.எச்.எஃப்.எல். வீட்டுக்கடன் நிறுவனத்தின் கமர்ஷியல் பேப்பரை, அதாவது சில மாதத் தவணைக் கடன் சீட்டை, சுமார் 11 சதவீத யீல்டில் விற்றது என்ற செய்தி பரவியது. அப்போது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 6.5 சதவீதம்; பத்து வருட அரசுப் பத்திரமே 8 சதவீத அளவில்தான் இருந்தது. டி.எச்.எஃப்.எல். அன்று எந்தத் தவணையையும் தவறவிடவில்லை. ஆனாலும் அதன் பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஒருவர் 11 சதவீதத்துக்கு விற்கத் தயாராக இருக்கிறார் என்றால் அவருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நினைப்பு வீட்டுக்கடன், வாகனக்கடன் நிறுவனங்கள் பலவற்றின்மீதும் பாய்ந்தது. இவற்றின் தொழில் அமைப்பே அதற்கு இடம் கொடுத்தது. மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கிப் பதினைந்து வருட வீட்டுக்கடனாகக் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் புதுச் சீட்டு விற்றுப் பழையதை அடைக்கவேண்டும். புதுச் சீட்டுக்கு இரண்டு சதவீதம் கூடக் கேட்டால் லாபம் போகும். வாங்கவே ஆள் இல்லை என்றால் நல்ல கம்பெனியும் தவணை தவறும். பயம் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் வழி இதுதான். டி.எச்.எஃப்.எல். ஜூன் 2019இல் தவறியது. அதன் கணக்குகளிலேயே பெரிய ஓட்டைகள் இருந்தன என்பது பின்னால் தெரிந்தது, ஆகவே அதைப் பயத்துக்குப் பலியான அப்பாவி என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஒழுங்காக நடந்த நிறுவனங்களும் அதே மாதங்களில் கூடுதல் வட்டி கொடுத்தன, கடன் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டன. தக்கலையில் டிப்பர் வாங்கவும் ஸ்கூட்டர் வாங்கவும் கடன் கேட்டுப் போனவரிடம் "அப்புறம் வாருங்கள்" என்று சொன்னது ஸ்ப்ரெட்டின் அந்த விரிவுதான். 2019இல் நாடு முழுக்க வாகன விற்பனை படுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஸ்ப்ரெட் விரிந்தது என்று கேள்விப்பட்டால் யாருக்கு விரிந்தது என்று பார்க்கவேண்டும். ஒரு கம்பெனிக்கு மட்டும் என்றால் அது அந்தக் கம்பெனியின் வியாதி. மட்டமானவற்றுக்கு நிறைய, நல்லவற்றுக்குக் கொஞ்சம் என்று எல்லாவற்றுக்கும் சேர்ந்து விரிந்தால் பயம் பொருளாதாரத்துக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். இந்தப் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. தக்கலை இருக்கும் கல்குளம் தாலுகா திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டபோது, தென்னிந்தியாவின் வேறு வங்கிகளிலும் ஜனங்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள்.

ஏப்ரல் 2020இல் பயம் இன்னொரு வடிவில் வந்தது. கொரோனா ஊரடங்கு. ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு 4.40 சதவீதத்தில் மூன்று வருடப் பணம் தருகிறேன், அதைக் கொண்டுபோய் நிதி நிறுவனங்களின் பத்திரங்களில் போடுங்கள், அதில் பாதியாவது சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குப் போகட்டும் என்றது. ஏப்ரல் 23 அன்று 25,000 கோடிக்கு ஏலம் விட்டது. கேட்டு வந்தது 12,850 கோடி மட்டுமே. அதே வங்கிகள் வெறும் 3.75 சதவீதத்துக்கு ரிசர்வ் வங்கியிடமே சுமார் 7 லட்சம் கோடியைப் போட்டு வைத்திருந்தன. பணம் இல்லாமல் அல்ல, கொடுக்கப் பயந்து நின்றன. அன்று மாலையே ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. சுமார் 26,000 கோடி ரூபாய் முடங்கியது. நாலு நாளில் ரிசர்வ் வங்கி மியூச்சுவல் ஃபண்டுகளுக்காக 50,000 கோடி ரூபாய்ச் சாளரத்தைத் திறக்கவேண்டி வந்தது. பின்னால் என்ன நடந்தது? அந்தப் பத்திரங்கள் படிப்படியாக வசூலாகி, மூடிய அன்று இருந்த மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே முதலீட்டாளர்களுக்குத் திரும்பி வந்தது. அன்றைய ஸ்ப்ரெட்டில் இருந்தது பெரும்பாலும் பயம். அந்தப் பயம் உண்மையாக இருந்தது, அது சொன்ன நஷ்டம்தான் அந்த அளவுக்கு வரவில்லை.

இந்த அளவுகோலை முழுக்க நம்பவும் முடியாது. ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். விஷயத்தில் ஏ.ஏ.ஏ. முத்திரையின் நிழலில் ஸ்ப்ரெட் கடைசிவரை சாதுவாகவே இருந்தது. நெருப்புப் பிடித்த பிறகுதான் மணி அடித்தது. இரண்டாவது, ஸ்ப்ரெட் என்பது கழித்தல் கணக்கு. எல்லோரும் பாதுகாப்பு தேடி அரசுப் பத்திரத்துக்கு ஓடினால் அதன் யீல்டு இறங்கும், கம்பெனி யீல்டு அசையாமலே ஸ்ப்ரெட் விரியும். அதுவும் பயம்தான், ஆனால் கம்பெனியின் வட்டிச் செலவு ஏறவில்லை.

ஏற்கெனவே பத்திரம் கையில் வைத்திருப்பவருக்கு ஸ்ப்ரெட் விரிவது விலையில் தெரியும். 9 சதவீத வட்டி தரும் மூன்று வருடப் பத்திரத்துக்குச் சந்தை 11 சதவீதம் கேட்க ஆரம்பித்தால் 1,000 ரூபாய்ப் பத்திரத்தின் விலை சுமார் 951 ஆகும். கம்பெனி தவணை தவறாவிட்டால், முதிர்வுவரை காத்திருப்பவருக்கு இது தாளில் உள்ள நஷ்டம். நடுவில் மகளுக்குக் கல்யாணம் வைத்தவருக்கு நிஜ நஷ்டம். பொது வெளியீட்டில் வந்த என்.சி.டி.க்கள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருப்பதால் இந்த விலையை யாரும் பார்க்கலாம். ஆனால் பல பத்திரங்களில் நாளெல்லாம் பத்திருபதுதான் கைமாறும். அப்படிப்பட்ட நாளில் விலை 951க்கு இறங்கினால் அது சந்தையின் பயமாகவும் இருக்கலாம், யாரோ ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவாகவும் இருக்கலாம். அதே கம்பெனியின் மற்ற பத்திரங்களும் அதே தரத்தில் உள்ள பக்கத்துக் கம்பெனியின் பத்திரங்களும் சேர்ந்து இறங்கியிருக்கின்றனவா என்று ஒரு வாரம் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.