மேட்டூர் அணைத் தலைப்பில் எந்த எண் இருக்க வேண்டும்?

2018 ஆகஸ்டில் குமாரபாளையத்திலிருந்து தங்கை மகள் போன் செய்தாள். ஆற்றோர வீடு, முன்கட்டில் இரண்டு விசைத்தறிகள். "பாவெல்லாம் நனைஞ்சு போச்சுங்க மாமா" என்றாள். முந்தின நாள் சாயங்காலமே செய்தி வந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். "பார்த்தனுங்க. தெனமும் அப்படித்தானே போடறாங்க, நான் தொறக்கவே இல்லீங்க" என்றாள்.

அவள் போனுக்கு வந்த தலைப்பை அப்புறம் பார்த்தேன். ‘மேட்டூர் அணையில் திடீர் மாற்றம்... கரையோர மக்கள் அதிர்ச்சி!’ அந்த ஆண்டு ஜூலை 23 அன்று அணை 120 அடியைத் தொட்டபோதும் அதே ஆட்கள் ‘அதிர்ச்சி’ என்றுதான் போட்டிருந்தார்கள். ஐந்தாண்டுக்குப் பிறகு அணை நிரம்பியதில் என்ன அதிர்ச்சியோ! இரவு முதல் கூடுதலாகத் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்ற சங்கதி உள்ளே நாலாவது பாராவில் இருந்தது.

அணைச் செய்தியில் மூன்று எண்கள் வரும். நீர்மட்டம் அடியில். நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில். தஞ்சாவூர்க்காரருக்கு நீர்மட்டம் வேண்டும், ஜூன் 12-ல் திறப்பார்களா என்று அவர் அதை வைத்துத்தான் யோசிப்பார். பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையில் இருப்பவருக்கோ வெளியேற்றம் ஒன்றுதான் செய்தி. அணை நிரம்பிவிட்டால் வருகிற வெள்ளத்தை அப்படியே கீழே விட்டாக வேண்டும். அதனால் ‘மேட்டூர் அணை நிரம்பியது’ என்ற சந்தோஷத் தலைப்பு கரையோரத்துக்காரருக்குப் பாதிச் செய்திதான்.

எண் போட்டுவிட்டால் மட்டும் தலைப்பு யோக்கியமாகிவிடாது. ‘ஒரே நாளில் 10 அடி உயர்வு’ என்று போடுவார்கள். பொய்யில்லை. ஆனால் அணை வாணலி மாதிரி, அடியில் குறுகல், மேலே அகலம். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி.தான் இருக்கும். கடைசி 20 அடியில் மட்டும் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் அடங்குகிறது. அணை வறண்டு கிடக்கையில் 10 அடி ஏறுவதற்கும், 110-லிருந்து 120-க்கு ஏறுவதற்கும் தண்ணீரில் பெரிய வித்தியாசம். அதேபோல் 60 அடியைப் பார்த்து ‘பாதி அணை நிரம்பியது’ என்று எழுதினால் அது தப்புக் கணக்கு. அடியோடு டி.எம்.சி.யையும் சேர்த்துப் போட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர்கள் தலைப்பை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒன்று விஷயத்தைச் சொல்லிவிடுவது, மற்றது ஆளை உள்ளே இழுப்பது. இரண்டாவதை அவர்கள் குற்றம் என்று சொல்வதில்லை, நானும் சொல்லமாட்டேன். உத்தியோகத்தில் நாங்கள் கடிதத் தலையில் எழுதிய ‘பொருள்’ வரி முதல் வகையிலும் சேராது. ‘வெள்ள நிவாரணம் – நாமக்கல் மாவட்டம் – தொடர்பாக’. நிவாரணம் உண்டா இல்லையா? கோப்பைப் பிரித்தால்தான் தெரியும். யாரையும் ஏமாற்றாத வரி, ஆனால் யாருக்கும் உதவாத வரி. அப்படி எத்தனை ஆயிரம் எழுதினேனோ.

அந்த அதிர்ச்சித் தலைப்பை நானே திருத்திப் பார்த்தேன். எண்களை உதாரணத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறேன். ‘மேட்டூரில் இன்றிரவு 8 மணி முதல் 1.25 லட்சம் கன அடி திறப்பு: குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் முகாம்கள் எங்கே?’ எவ்வளவு, எப்போது, யாருக்கு என்ற மூன்றும் வெளியிலேயே வந்துவிட்டன. செய்தியைத் திறக்காதவள்கூடப் பாவை இறக்கி மேலே வைப்பாள். கேள்விக்குறி ஆளை இழுக்கத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் பாராவிலேயே பள்ளிக்கூடத்தின் பெயரும் தெருவின் பெயரும் இருக்க வேண்டும். அந்த விவரம் கையில் இல்லாவிட்டால் கேள்வியை எடுத்துவிட வேண்டியதுதான். அதிகாரிகள் ‘திறக்க வாய்ப்பு’ என்று மட்டும் சொல்லியிருந்தால், தலைப்பிலும் ‘திறக்கலாம்’ என்றுதான் வரவேண்டும். அந்த ஒரு எழுத்தில் எவ்வளவோ இருக்கிறது.

இப்படிப் போட்டால் ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள் என்று ஒரு பையன் என்னிடம் வாதாடினான், இணையச் செய்தியில் வேலை பார்ப்பவன். ஒருநாள் வரவு குறையும், நிஜம்தான். ஆனால் குமாரபாளையத்தில் ஒருத்தி ஒரு மாதமாகத் தினமும் பார்த்துவிட்டுத் திறக்காமல் தள்ளினாளே, அந்த வரவை எந்தக் கணக்கில் எழுதுவான்?

இப்போதெல்லாம் ஆடி பிறந்தால் அவள் செய்தி பார்ப்பதில்லை, எனக்குத்தான் போன் வரும். "வெளியேத்தறது எவ்வளவுங்க மாமா?"