18 வீதம் 'தரும்' என்று எழுதலாமா?

யூனிட் டிரஸ்ட் நிதியமொன்றின் மாதாந்த விபரத்தாளைத் தமிழாக்குவதில் உள்ள கஷ்டமெல்லாம் கலைச்சொற்களில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அவற்றைச் சொற்கோவை ஒன்றை வைத்துச் சமாளித்துவிடலாம். உண்மையான கஷ்டம் வினைச்சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத் தாளில் நடந்து முடிந்த காலத்தின் கணக்காக இருப்பது, தமிழில் 'வருமானம் 18 வீதம்' என்று வினையே இல்லாமல் வந்து நிற்கிறது. இன்னும் மோசமாக, 'தருகிறது' என்றோ 'தரும்' என்றோ ஆகிவிடுகிறது. நிலையான வைப்பின் வட்டி வீதத்தைப் பார்த்துப் பழகிய ஒரு கடை முதலாளி அதையும் அப்படித்தான் விளங்கிக்கொள்வார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஷரீஆ முறையிலான பணச் சந்தை நிதியம் ஒன்றில் ஓர் அலகின் விலை 2023 மே 31ஆம் திகதி 10 ரூபாவாகவும் ஜூன் 30ஆம் திகதி 10 ரூபா 15 சதமாகவும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாட்களில் கூடியது 1.5 வீதம். இதை 365 நாட்களுக்குப் பெருக்கி, ஆண்டுக் கணக்கில் 18.25 வீதம் என்று விபரத்தாள் காட்டும். இதில் மோசடி எதுவும் இல்லை. வெவ்வேறு நிதியங்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்குத் தேவை. ஆனால் அதைத் 'வருடாந்த வருமானம் 18.25 வீதம்' என்று தமிழாக்கினால் ஒரு இலட்சம் போட்டவர் வருட முடிவில் 18,250 ரூபாவை எதிர்பார்ப்பார். அந்த மாதம் அவருடைய முதலுக்குக் கூடியது 1,500 ரூபா மட்டுமே. மிச்சப் பதினொரு மாதங்களும் அதே மாதிரிப் போனால்தான் அந்தப் பெரிய தொகை வரும்.

அப்படிப் போகுமா? 2022 இறுதியில் 30 வீதத்தைச் சூழ இருந்த திறைசேரி உண்டியல் வட்டி, 2023 முடிவில் அதன் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நமது நிதியங்கள் உண்டியல்களில் முதலிடுவதில்லைதான். ஆனாலும் அவை பணம் வைக்கும் முழாரபா வைப்புகளின் இலாப வீதங்களும் சந்தையோடு சேர்ந்தே இறங்கின.

ஆகவே அந்த வரியை இப்படி எழுத வேண்டும் என்பது என் கருத்து: '2023 மே 31 முதல் ஜூன் 30 வரை அலகின் விலை 1.5 வீதம் கூடியது. இதே வேகம் ஒரு வருடம் முழுக்க நீடித்திருந்தால் அது 18.25 வீதமாக இருந்திருக்கும்.' நீளம்தான். விளம்பரப் பிரிவினர் முகம் சுளிப்பார்கள். ஆனால் திகதியையும் இறந்தகால வினையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாக்குறுதி.

எச்சரிக்கை வாசகத்தின் கதை வேறு. பங்குகளில் முதலிடும் நிதியங்களின் தாளில் அலகின் விலை ஏறலாம், இறங்கலாம் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதைக் 'கூடிக் குறையலாம்' என்று எழுதுகிறார்கள். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் வியாபாரியின் காதில் அது வெங்காய விலையைப் பற்றிய பேச்சு மாதிரித்தான் விழும். இலாபம் கொஞ்சம் முன்பின்னாக வரும் என்று எடுத்துக்கொள்வார். கைமுதலே கரையலாம் என்பது அதில் இல்லை. 'இடர்நேர்வு' என்ற சொல்லோ யாரையும் தொடாமல் கடந்து போகிறது. நட்டம் என்ற சொல் இருக்கும்போது அதை ஏன் ஒளிக்க வேண்டும்? 'நீங்கள் போட்ட முதலிலும் நட்டம் வரலாம். ஒரு இலட்சம் போட்டவருக்கு 80,000 ரூபா மட்டும் திரும்பக் கிடைக்கும் நிலையும் வரலாம்' என்று தொகையைப் போட்டே எழுதலாம். அதையும் கடைசிப் பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் போடாமல், இலாப வீதத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

நமக்கு இதில் இன்னொரு விடயமும் உண்டு. முழாரபாவாக இருந்தாலும் வகாலாவாக இருந்தாலும், முதலுக்கோ இலாபத்துக்கோ நிதியத்தை நடத்துபவர் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அவருடைய கவனயீனத்தாலோ உடன்படிக்கையை மீறியதாலோ நட்டம் வந்தால் மட்டுமே அவர் பொறுப்பு. இலாபம் நிச்சயம் என்று சொன்ன கணமே அது நாம் விலகி நிற்கும் வட்டியின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. நிதியத்தின் ஷரீஆ ஆலோசகர்கள் ஆங்கில உடன்படிக்கையை வரிவரியாகப் பார்த்து அங்கீகரித்திருப்பார்கள். அங்கே இல்லாத உத்தரவாதத்தைத் தமிழில் ஒரு 'தரும்' கொடுத்துவிடக் கூடாதல்லவா? எனவே தமிழ்த் தாளும் அச்சுக்குப் போக முன்னர் அவர்களுடைய பார்வைக்குப் போக வேண்டும்.

அச்சிட முன்னர் செய்து பார்க்க ஓர் எளிய பரிசோதனையும் உண்டு. நிதியத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வியாபாரியிடம் தமிழ்த் தாளை வாசிக்கக் கொடுங்கள். பிறகு தாளை வாங்கி வைத்துவிட்டு, 'ஒரு இலட்சம் போட்டால் அடுத்த வருடம் எவ்வளவு வரும்?' என்று கேளுங்கள். அவர் ஒரு தொகையைச் சொன்னால் மொழிபெயர்ப்பைத் திருப்பி எழுத வேண்டும். 'அதை இப்பவே எப்படிச் சொல்ற?' என்று அவர் திருப்பிக் கேட்டால் அச்சகத்துக்கு அனுப்பலாம்.