பிரிட்டனில் செவிலியர் பதிவு: தேர்வைக் காட்டிலும் கடினமானது காலக்கணக்கு

இந்தியாவில் செவிலியர் படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றியவராக இருந்தாலும், பிரிட்டனில் சென்று இறங்கும் நாளில் ஒருவர் அந்நாட்டுச் சட்டப்படி பதிவுபெற்ற செவிலியர் அல்லர். செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் மன்றமான என்எம்சியின் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகே அந்தத் தகுதி கிடைக்கும். அதுவரை அவர் குறைந்த ஊதிய நிலையில், பதிவுக்கு முந்தைய பணியாளராகவே கருதப்படுகிறார்.

இந்தப் பதிவுக்கான தேர்வுகள் குறித்துப் பயிற்சி மையங்கள் நிறையவே பேசுகின்றன. ஆனால், தகுதியுள்ள பலர் தடுமாறுவது தேர்வில் அல்ல. ஒவ்வொரு சான்றுக்கும் இருக்கும் காலக்கெடுவில்தான்.

மூன்று கட்டங்கள்

முதல் கட்டம் தகுதி மதிப்பீடு. விண்ணப்பதாரர் என்எம்சி இணையதளத்தில் கணக்கு தொடங்கி, படிப்பு மற்றும் பதிவு விவரங்களை அளிக்க வேண்டும். ஜிஎன்எம் டிப்ளமோ, பிஎஸ்சி நர்சிங் ஆகிய இரண்டும் ஏற்கப்படுகின்றன. விண்ணப்பதாரர் கையில் வைத்திருக்கும் சான்றிதழ் மட்டும் போதாது. அவர் பதிவு செய்துள்ள மாநில செவிலியர் மன்றம் அந்தப் பதிவை என்எம்சிக்கு நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலத் தேர்வும் சிபிடி எனப்படும் கணினிவழித் தேர்வும் அடங்கும். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் ஆகியவற்றில் தலா 7, எழுத்தில் 6.5 மதிப்பெண் தேவை. ஓஇடி தேர்வு எழுதுவோருக்கு முதல் மூன்று பிரிவுகளில் பி நிலையும், எழுத்தில் சி பிளஸ் நிலையும் போதுமானது. சிபிடியை இந்தியாவிலேயே எழுதலாம். மருந்தளவுக் கணக்கீடு ஒரு பகுதியாகவும், மருத்துவப் பராமரிப்பு மற்றொரு பகுதியாகவும் கேட்கப்படும்.

மூன்றாம் கட்டம் ஓஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு. இது பிரிட்டனில் உள்ள மையங்களில் மட்டுமே நடத்தப்படுகிறது. கட்டணம் 794 பவுண்டு.

எந்தத் தடங்கலும் இல்லையெனில், ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராவது தொடங்கிப் பதிவு கிடைப்பது வரை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். ஆங்கிலத் தேர்வு முடிவு, சிபிடி முடிவு ஆகிய இரண்டுமே 2 ஆண்டுகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் புரியும்.

ஒரு கணக்கு

சென்னையில் ஜிஎன்எம் முடித்துத் தமிழகத்தில் பதிவு செய்து, பின்னர் தில்லிக்குப் பதிவை மாற்றிக்கொண்டு அங்கு பணியாற்றும் செவிலியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெரும்பாலோரைப் போல இவரும் ஆங்கிலத் தேர்வில் இருந்தே தொடங்குகிறார். 2024 ஜனவரியில் ஓஇடி தேர்ச்சி பெறுகிறார். அதன் பிறகே ஆவணங்களை எடுத்துப் பார்க்கிறார்.

மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக இடம்பெற்றுள்ளது. முதலெழுத்து வழக்கமுள்ள தமிழர்களுக்கு இது நன்கு பழகிய சிக்கல்தான். ஆனால், அந்த வழக்கத்தை அறியாத வெளிநாட்டு அலுவலருக்கு இவை இரு வேறு நபர்களின் பெயர்களாகத் தோன்றக்கூடும். இருவரும் ஒருவரே என்று நிறுவும் ஆவணங்களைத் திரட்டச் சில மாதங்கள் ஆகின்றன. தமிழகம், தில்லி ஆகிய இரு மன்றங்களிடமிருந்தும் உறுதிப்படுத்தல் பெற மேலும் சில மாதங்கள் கழிகின்றன.

தகுதி மதிப்பீடு முடிந்து 2025 மார்ச்சில் சிபிடி தேர்ச்சி பெறுகிறார். வேலை உறுதியான பிறகு முழு விண்ணப்பத்தை அனுப்பலாம் எனக் காத்திருக்கிறார். வேலை கிடைத்து 2026 பிப்ரவரியில் விண்ணப்பிக்க முனையும்போது, ஓஇடி முடிவு முந்தைய மாதமே காலாவதியாகிவிட்டது. மீண்டும் கட்டணம், மீண்டும் தேர்வு.

இதே செவிலியர் வரிசையை மாற்றியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். 2024 ஜனவரியில் பெயர்ப் பிழைகளைச் சரிசெய்யத் தொடங்கி, மன்றங்களின் உறுதிப்படுத்தலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலத்துக்குத் தயாராகி, ஆண்டின் பிற்பகுதியில் ஓஇடி எழுதியிருந்தால், 2026 பிப்ரவரியிலும் அந்த முடிவு செல்லுபடியாகியிருக்கும். ஆவணங்களுக்கு ஆகும் காலம் விண்ணப்பதாரரின் கையில் இல்லை. தேர்வு நாள் மட்டுமே அவர் கையில் உள்ளது. ஆகவே, காலக்கெடு இல்லாத பணியை முதலிலும், காலக்கெடு உள்ளதைப் பின்னரும் வைப்பதே பாதுகாப்பு.

8 மாத வரம்பு

பிரிட்டன் சென்ற பிறகு காலக்கணக்கு இன்னும் இறுகுகிறது. விசா விதிகளின்படி, பணி தொடங்கிய 3 மாதங்களுக்குள் ஓஸ்கி தேர்வை முதன்முறை எழுத வேண்டும். 8 மாதங்களுக்குள் பதிவு கிடைத்திருக்க வேண்டும்.

ஓஸ்கியில் 10 நிலையங்கள் உள்ளன. நோயாளியை மதிப்பிடுதல், பராமரிப்புத் திட்டம் எழுதுதல், செயல்படுத்துதல், விளைவை ஆராய்தல் என நான்கு நிலையங்கள் தொடர்ச்சியாக அமையும். மேலும் நான்கில் செய்முறைத் திறனும், எஞ்சிய இரண்டில் தொழில் நெறியும் ஆய்வுச் சான்றுகளைப் பயன்படுத்தும் திறனும் சோதிக்கப்படும். மருத்துவரின் உத்தரவைப் பின்பற்றியே பழகியவர்களுக்கு, பராமரிப்புத் திட்டத்தைத் தாமே வகுத்து எழுதுவது புதிது. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் அடையாளத்தையும் ஒவ்வாமையையும் கேட்டு உறுதி செய்யாமல் விடுவது, அனுபவம் மிக்கவரையும் தோல்வியடையச் செய்யும்.

ஒரு விண்ணப்பத்தில் மூன்று வாய்ப்புகள் உண்டு. தோல்விக்குப் பின் குறைந்தது 10 வேலை நாள்கள் கழித்தே மீண்டும் எழுத முடியும். ஏழு அல்லது அதற்குக் குறைவான நிலையங்களில் தவறியவர் அவற்றை மட்டும் எழுதினால் போதும். கட்டணம் 397 பவுண்டு. அதற்கு மேல் தவறியவர் முழுத் தேர்வையும் முழுக் கட்டணத்தில் எழுத வேண்டும். மூன்றாம் முறையும் தவறினால் விண்ணப்பம் முடிந்துவிடும். புதிதாக விண்ணப்பிக்க 6 மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

மார்ச் 1-ஆம் தேதி பணியில் சேர்ந்தவர் ஜூலை நடுவில் மூன்றாம் முறை தவறினால், அடுத்த வாய்ப்பு ஜனவரியில்தான் வரும். 8 மாத வரம்போ அக்டோபர் இறுதியிலேயே முடிந்துவிடும். அதாவது, மூன்றாவது தோல்வி என்பது பெரும்பாலும் விசாவையும் பறிக்கும் தோல்வியாகும். எனவே, முதல் முயற்சியை அவசரமாக எழுதாமல், மருத்துவமனை அளிக்கும் பயிற்சி முடிந்த பின், 3 மாத வரம்புக்குள் எழுதுவது நல்லது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பிரிட்டனின் சர்வதேசப் பணியமர்த்தல் நெறிமுறைப்படி, வேலை தேடித் தருவதற்காகச் செவிலியரிடம் முகவர் கட்டணம் வசூலிக்கக் கூடாது. இந்தியாவில் முகவர் உரிமம் பெற்றவரா என்பதை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம்.

பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான பதிலைப் பெறுவது அவசியம். ஓஸ்கியின் முதல் கட்டணத்தையும் மறுதேர்வுக் கட்டணத்தையும் யார் செலுத்துவார்கள்? தேர்வுக்கு முன் எத்தனை வாரப் பயிற்சி உண்டு? பதிவு கிடைக்காமல் வேலை முடிவுக்கு வந்தால், விமானக் கட்டணம், விசா கட்டணம் போன்றவற்றில் எவ்வளவு தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும்? இவற்றில் மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தவறியவர்களே, வேலையிழந்து திரும்பும்போது கடனையும் சுமந்து வருகின்றனர்.