'வாடகை உயர்வுக்குச் சம்மதிக்கவும்': கடை ஓனர் நோட்டீஸில் கையெழுத்துப் போடும் முன்...

ஓனரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம். 'லீஸ் ஒப்பந்தம் பத்தி 6-இன்படி வாடகை மாற்றியமைக்கப்படுகிறது. நகலில் கையெழுத்திட்டு 7 நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும்.' பார்க்கச் சாதாரண லெட்டர்தான். ஆனால் ஒரு கேள்வி இடிக்கிறது. உயர்வு ஏற்கெனவே லீஸில் எழுதியிருந்தால், மறுபடியும் எதற்குச் சம்மதம்?

கடை, அலுவலக லீஸ்களில் வாடகை உயர்வு பொதுவாக இரண்டு விதமாக எழுதப்படும். 'மூன்று ஆண்டு முடிந்ததும் வாடகை 15 சதவீதம் உயர்த்தப்படும்' என்பது ஒன்று. தேதி வந்தால் உயர்வும் வந்துவிடும்; ஓனர் நினைவூட்டினால் போதும், வாடகைதாரர் கட்டித்தான் ஆக வேண்டும். 'இரு தரப்பும் பேசி உயர்த்திக்கொள்ளலாம்' என்பது இன்னொன்று. இங்கே வாடகைதாரர் ஒப்புக்கொள்ளும் வரை, லீஸ் காலம் முடியும்வரை பொதுவாகப் பழைய வாடகைதான். முதல் வகை லீஸை வைத்துக்கொண்டு ஒருவர் சம்மதம் கேட்கிறார் என்றால், லீஸில் இல்லாத ஏதோ ஒன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

உதாரணத்துக்கு வேளச்சேரியில் ஒரு பிரிண்டிங் கடை என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூனில் தொடங்கிய ஐந்து வருட லீஸ், பதிவு செய்யப்பட்டது. வாடகை 40,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகை. மூன்று வருடம் கழித்து 15 சதவீதம் உயர்வு என்று பத்தி 6 சொல்கிறது. அப்படியென்றால் 2026 ஜூனிலிருந்து 46,000. நோட்டீஸில் இருப்பதோ, 'ஏரியாவின் மார்க்கெட் ரேட்டைக் கருத்தில் கொண்டு' 50,000. கடைசி வரியில் போகிறபோக்கில், 'அதற்கேற்ப அட்வான்ஸும் ஐந்து லட்சமாக்கப்படும்.'

மாதம் நாலாயிரம்தானே கூடுதல் என்று தோன்றும். மீதமுள்ள 24 மாதத்துக்கு அது 96,000 ரூபாய். அட்வான்ஸுக்கு உடனே ஒரு லட்சம் புரட்ட வேண்டும். லீஸில் அட்வான்ஸ் உயர்வு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 2028-இல் லீஸைப் புதுப்பிக்கும்போது பேச்சு 50,000-இல் தொடங்கும் என்பது தனிக்கதை.

ஓனர் அதிகம் கேட்பது தவறில்லை. மெட்ரோ வந்திருக்கலாம், பக்கத்துக் கடை இரட்டிப்பு வாடகை கொடுக்கலாம். கேட்பது அவர் உரிமை. ஆனால் 'பத்தி 6-இன்படி' என்று தொடங்கி, பத்தி 6-இல் இல்லாததை நடுவில் சொருகுவது நேர்மையான கேட்பு இல்லை. நியாயமான நோட்டீஸ் என்றால் பழைய வாடகை, லீஸ் தரும் உயர்வு, அதற்கு மேல் கேட்கும் தொகை மூன்றும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும்.

எழுத்தில் கேட்பதற்கும் காரணம் உண்டு. பதிவு செய்த ஒப்பந்தத்தின் ஷரத்தை வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தால் மாற்றியதாக நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. பழைய 1872 சட்டத்திலும் இதுதான், இப்போதுள்ள 2023 சட்டத்திலும் இதுதான். 'போன்ல ஓகே சொன்னீங்களே' என்பதை வைத்து ஓனரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நகலில் விழும் கையெழுத்து அப்படியல்ல. அந்தத் தாள் மட்டும் போதுமா, பதிவு வேண்டுமா என்று பிறகு வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை வாடகைதாரர் பலவீனமான இடத்திலிருந்துதான் தொடங்குவார். உயர்வுக்கு உண்மையிலேயே இருவரும் ஒத்துக்கொண்டால், துணை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துவிடுவதே சுத்தமான வழி.

நகலில் எழுதும் வார்த்தையும் முக்கியம். கடிதம் கைக்கு வந்ததற்கு மட்டும் என்றால், தேதி போட்டு 'பெற்றுக்கொண்டேன், சம்மதம் அல்ல' என்று எழுதிக் கையெழுத்திடலாம். வெறும் கையெழுத்து 'சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பதிலே போடாமல் இருந்துவிடலாமா? 'ஏழு நாளில் பதில் இல்லையேல் சம்மதமாகக் கருதப்படும்' என்று ஓனர் தன்னிச்சையாக எழுதுவதால் மட்டும் மௌனம் சம்மதமாகிவிடாது. லீஸிலேயே அப்படி வரி இருந்தால் கதை வேறு. ஆனால் பதில் போடாமல், பிரச்சினை வேண்டாமே என்று அடுத்த மாதம் 50,000 ஜிபே செய்தால், அந்தப் பேமென்ட்டையே சம்மதம் என்று காட்ட முடியும். மௌனத்தைவிட இதில்தான் ஆபத்து அதிகம்.

பிரிண்டிங் கடைக்காரர் எழுத வேண்டிய பதில் நாலு வரிதான்: பத்தி 6-இன்படி 2026 ஜூன் முதல் 46,000 செலுத்துகிறேன், அதற்கு மேலான தொகைக்கும் அட்வான்ஸ் உயர்வுக்கும் லீஸில் இடமில்லை என்பதால் சம்மதிக்கவில்லை, பேச விரும்பினால் நேரில் பேசலாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ஒரு நகல் கையில். ஜூன் வாடகையாக 46,000-ஐ நாள் தவறாமல் வங்கி வழியாகக் கட்ட வேண்டும், 'வாடகை ஜூன் 2026' என்ற குறிப்போடு. உயர்வே வேண்டாம் என்று 40,000-இல் நின்றால், பாக்கி வைத்தவர் அவர்தான்.

அப்படியும் தீராவிட்டால், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் கீழ் வாடகை அதிகார அமைப்பு இருக்கிறது. இந்தச் சட்டம் வணிக இடங்களுக்கும் பொருந்தும். வாடகை மாற்றத்தில் ஒப்பந்தத்தில் எழுதியதையே முதலில் பார்க்கும். 2028-இல் லீஸ் முடியும்போது புதுப்பிக்க மாட்டேன் என்று ஓனர் சொல்வதை மட்டும் இந்தப் பதில் கடிதத்தால் தடுக்க முடியாது. அதனால் கடையை அங்கேயே நீண்டகாலம் நடத்த நினைப்பவர், அந்தக் கூடுதல் நாலாயிரத்துக்கு ஈடாக 2028-க்குப் பிறகான மூன்று வருட நீட்டிப்பை அதே துணை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கலாம்.