ரெண்டு பேனல் வாங்கினேன், ஒரு பேனல் கரண்ட்தான் வந்தது

கொல்லிமலையில தோட்டத்து வீடு கட்டுற சென்னை, கோயம்புத்தூர் நண்பர்கள் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் பேனல் போடலாம்?" கடைக்காரரும் அதைத்தான் கேக்கிறார். பேனல்ல இருந்து பேட்டரி எவ்வளவு தூரம், நடுவுல எந்த கன்ட்ரோலர்னு யாரும் கேக்கிறதில்ல. என்னைக் கேட்டா, வாட்ஸ் கேள்வியே மூணாவதா வரவேண்டியது. இதை நான் செலவு பண்ணித்தான் கத்துக்கிட்டேன்.

எங்க வீட்டைச் சுத்தி சில்வர் ஓக் மரம், அதுல மிளகுக் கொடி, கீழே காப்பி. வீட்டு மேல வெயில் விழறது அபூர்வம். முழு வெயில் கிடைக்கிறது சாமை காயவைக்கிற பாறை மேலதான். அங்கிருந்து வீட்டுக்கு முப்பது மீட்டர். காத்தடிச்சா கிளை ஒடிஞ்சு கரண்ட் கம்பி மேல விழும், அப்புறம் ரெண்டு நாள் இருட்டு. அதனால ரெண்டு 100 வாட்ஸ் பேனல், ஒரு 12 வோல்ட் பேட்டரி வாங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏத்திக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பேனலும் நல்ல வெயில்ல 18 வோல்ட், 5.5 ஆம்ப் தரும்.

முதல்ல ஒரு பேனலோட பிளஸ்ஸை இன்னொண்ணோட மைனஸ்ஸுல மாட்டி, சீரிஸ்ல இணைச்சேன். சீரிஸ்ல வோல்டேஜ் கூடும், கரண்ட் அப்படியே இருக்கும்: 36 வோல்ட், 5.5 ஆம்ப். வாட்ஸ் மாறாதே, அப்புறம் என்ன கவலைன்னு நெனச்சேன். ஆனா உச்சி வெயில்லயும் பேட்டரிக்குப் போன கரண்ட் 5.5 ஆம்ப்பைத் தாண்டல. ஒரே ஒரு பேனல் வச்சிருக்கிற பக்கத்துத் தோட்டக்கார அண்ணனுக்கும் அதே அளவுதான்!

காரணம் கன்ட்ரோலர். என்னோடது விலை கம்மியான பிடபிள்யூஎம் வகை. அது பேனலை நேரா பேட்டரியோட சேத்துவிடுற சுவிட்ச் மாதிரி. பேட்டரி 13 வோல்ட்ல இருந்தா பேனலும் அந்தப் பக்கம் இழுபடும். 36 வோல்ட்ல மிச்சமிருக்கிறது கரண்டா மாறாது, வீணாப் போகும். 200 வாட்ஸ்ல எனக்குக் கிடைச்சது சுமார் 70.

சரின்னு பேரலலுக்கு மாத்தினேன்: பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ். இப்ப வோல்டேஜ் 18தான், கரண்ட் 11 ஆம்ப். மீட்டரைப் பாத்து சந்தோஷப்பட்டேன். ஆனா பேட்டரி நிறையவே இல்ல. நிறையணும்னா 14.4 வோல்ட் வரைக்கும் ஏறணும்; 13ஐ ஒட்டியே நின்னுடுச்சு. இந்தத் தடவை குத்தவாளி ஒயர். நான் இழுத்தது 2.5 ஸ்கொயர் எம்எம். போக வர அறுபது மீட்டர், அதோட தடை கிட்டத்தட்ட 0.45 ஓம். 11 ஆம்ப் ஓடும்போது ஒயர்லயே 5 வோல்ட் போயிடும். மீதி 13. பேனல் சூடானா வோல்டேஜ் இன்னும் இறங்கும். வாட்ஸ் கணக்குல 54 வாட்ஸ் ஒயரைச் சூடாக்கவே போச்சு. கரண்ட் பாதியானா இந்த நஷ்டம் பாதி இல்ல, கால்வாசி ஆகும். அதனாலதான் தூரம் கூடினா சீரிஸ் ஜெயிக்கும்.

கடைசியா எம்பிபிடி கன்ட்ரோலர் வாங்கி, பேனலை மறுபடி சீரிஸ்ல போட்டேன். அதே பழைய ஒயர்ல இப்ப நஷ்டம் 14 வாட்ஸ்தான். கன்ட்ரோலருக்கு 33 வோல்ட்டுக்கு மேல வந்து சேருது; அது கூடுதல் வோல்ட்டைக் கரண்டா மாத்தி, மதியம் 13 ஆம்ப் வரைக்கும் பேட்டரிக்கு அனுப்புது. பனிமூட்டம் கலையாத காலையிலயும் நல்லது. பல எம்பிபிடி கன்ட்ரோலர், பேட்டரியைவிட பேனல் வோல்டேஜ் சில வோல்ட் கூட இருந்தாத்தான் வேலையைத் தொடங்கும். சீரிஸ்ல அது சீக்கிரமே கிடைச்சிடும்.

"நிழல் விழுந்தா சீரிஸ் மொத்தமா செத்துடும்"னு பயமுறுத்துவாங்க. பேனல் பின்னாடி பெட்டிக்குள்ள பைபாஸ் டயோடு நல்லா இருந்தா, அவ்வளவு மோசம் இல்ல. நிழல் விழுந்த பகுதியைச் சுத்திக்கிட்டு கரண்ட் போயிடும். ஆனா தினமும் ஒரு பேனல் மட்டும் முழுசா மர நிழல்ல கிடக்கும்னா பேரலல்தான் நல்லது. அதுக்கு ஒயரைத் தடிமனாப் போடணும். எம்பிபிடி வாங்கப் பணமில்லேன்னாலும் பேரலல், தடிமன் ஒயர், இதே வழிதான்.

உங்க வீட்டுல எப்படி மாட்டியிருக்காங்கன்னு தெரியலையா? வெயில் நேரத்துல கன்ட்ரோலர்ல இருந்து பேனல் ஒயரைக் கழட்டி மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. இந்த மாதிரி ரெண்டு பேனலுக்கு 22 வோல்ட் காட்டினா பேரலல், 44 காட்டினா சீரிஸ். பேரலல்ல இருந்து சீரிஸுக்கு மாத்துறதுக்கு முன்னாடி, கன்ட்ரோலர் மேல அதிகபட்ச வோல்டேஜ் என்ன போட்டிருக்குன்னு படிச்சிடுங்க. குளிர்ல பேனல் வோல்டேஜ் ஏறும். மார்கழி விடியக்காலையில இங்க அந்த 44, 46 ஆகிடும்.